மழை அளவைப் பதியும் திரை: ஒரு வயர்ஃபிரேமும் அதன் குறிப்புகளும்

இந்த அத்தியாயத்தில் ஒரே ஒரு திரையைத்தான் வரையப் போகிறோம். பயிற்சிக்காகவே அமைத்துக்கொண்ட திரை என்றாலும் அது நிற்கும் நிலம் உண்மையானது.

மாத்தளை மாவட்டத்தின் லக்கல பல்லேகம பிரதேசம் நக்கிள்ஸ் மலைத்தொடரின் கிழக்குப் பக்கத்தில் இருக்கிறது. வடகீழ்ப் பருவமழை நேரே வந்து மோதும் பக்கம் அது. மண்சரிவு எச்சரிக்கை வெளியாகும் நாட்களில் இந்தப் பெயர் அடிக்கடி பட்டியலில் வரும். எச்சரிக்கையை வெளியிடுவது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம். அதன் மழை எல்லைகள் எளிமையானவை. 24 மணி நேரத்தில் 75 மி.மீ.ஐத் தாண்டினால் அவதானம், 100ஐத் தாண்டினால் வெளியேற ஆயத்தம், 150ஐத் தாண்டினால் வெளியேற்றம். ஒரு மணி நேரத்திலேயே 75 மி.மீ. கொட்டினாலும் மூன்றாம் நிலைதான்.

இப்படியொரு சரிவின் கீழே வாழும் ஒருவர் வீட்டு முற்றத்தில் சாதாரண மழைமானி ஒன்றை நட்டிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மானியைப் பார்த்து, அளவைக் கைபேசியில் பதிந்து, தண்ணீரைக் கொட்டிவிட்டு உள்ளே போவார். அவர் பதியும் அந்தத் திரைதான் நம் வேலை. நிரலாளர் கண்டியிலோ கொழும்பிலோ இருப்பார். மானியை அவர் பார்த்ததில்லை, பல்லேகமவுக்கும் வந்ததில்லை. உங்களிடமிருந்து அவர் கைக்குப் போவது ஒரு தாள் மட்டும்.

தாளும் அளவும்

ஏ4 தாளை நிமிர்த்தி வைத்து, இடது ஓரத்தில் 9 செ.மீ. அகலமும் 20 செ.மீ. உயரமும் உள்ள பெட்டி ஒன்றை வரையுங்கள். இன்று பரவலாகப் புழங்கும் ஆண்ட்ராய்டு கைபேசித் திரை ஏறக்குறைய 360க்கு 800 டிபி. டிபி என்பது திரையின் துல்லியம் எப்படியிருந்தாலும் ஏறக்குறைய ஒரே அளவாகத் தெரிவதற்காக நிரலாளர்கள் பயன்படுத்தும் அலகு. நம் பெட்டியில் 1 செ.மீ. என்பது 40 டிபி ஆகிவிடும், எனவே அளவுகோல் ஒன்றே போதும். விரலால் தொடும் எதுவும் 48 டிபிக்குக் குறையக்கூடாது என்பது கூகுளின் பரிந்துரை. தாளில் அது 1.2 செ.மீ. இதைவிடச் சிறிய பொத்தானை வரைய உங்கள் பென்சில் போனால், அங்கேயே நிறுத்துங்கள்.

தாளின் வலது பக்கம் வெறுமையாகக் கிடக்கட்டும். குறிப்புகள் வரப்போகும் இடம் அது. அரைத் தாளுக்கு மேல் வெறுமையாக இருப்பதைப் பார்த்ததும் பலருக்குக் கை பரபரத்துப் பெட்டியைப் பெரிதாக்கத் தோன்றும். வேண்டாம். இந்த வேலையில் படத்துக்கு ஒரு பங்கு இடம் என்றால் சொல்லுக்கு இரண்டு பங்கு வேண்டும்.

முதலில் நம்முடையதல்லாத இடத்தைக் கழித்துவிடுங்கள். மேலே நேரமும் சிக்னலும் தெரியும் பட்டைக்கு 0.6 செ.மீ., கீழே பின்செல்லும் பொத்தான்கள் உள்ள பட்டைக்கு 1.2 செ.மீ. பிறகு எண் விசைப்பலகை. இதை வரைய மறப்பவர்கள் மிகப் பலர். அளவைத் தட்ட விரல் வைத்ததும் கீழிருந்து எழும் விசைப்பலகை நம் தாளில் ஏறக்குறைய 7 செ.மீ.ஐ விழுங்கும். கீழ்ப்பட்டையையும் சேர்த்தால் ஏறக்குறைய 8 செ.மீ. போய்விடுகிறது. அந்த உயரத்தில் ஒரு புள்ளிக்கோடு போடுங்கள். அளவு எழுதும் கட்டம், அளந்த நேரம், பதிவுப் பொத்தான் மூன்றும் இந்தக் கோட்டுக்கு மேலே நின்றாக வேண்டும். மழையில் ஒரு கையில் டார்ச்சும் மறு கையில் கைபேசியுமாக நிற்பவரை, பொத்தானைத் தேடி விசைப்பலகையை மூடித் திறக்க வைக்கக்கூடாது.

கூட்டிப் பார்ப்போம். மேற்பட்டைக்கு 0.6, தலைப்புக்கு 1.4, 24 மணி நேர மொத்தம் காட்டும் பகுதிக்கு 4. இடைவெளிகளையும் சேர்த்து, அளவுக் கட்டத்தின் அடி 8.4இல் முடிகிறது, நேரம் 9.8இல், பொத்தான் 11.4இல். கோடு இருப்பது 12இல். மொத்தம் காட்டும் பகுதியை அழகுக்காக 5 செ.மீ. ஆக்கினால் பொத்தானின் கீழ்ப்பகுதி விசைப்பலகைக்குள் போய்விடும். தாளிலேயே இது தெரிந்துவிடுவதால்தான் அளவுகோலோடு வரையச் சொல்கிறேன்.

பெட்டிக்குள்

பென்சிலால் கட்டங்களைப் போடுங்கள். நிறம், நிழல், உருண்டை மூலை, அழகிய சின்னங்கள் எதுவும் வேண்டாம். இரண்டு கோட்டுக்கு நடுவே நெளிநெளியாகக் கிறுக்கி ‘இங்கே எழுத்து வரும்’ என்று விடும் பழக்கமும் வேண்டாம். இந்தத் திரையில் வரும் ஒவ்வொரு சொல்லையும் முழுதாக எழுதுங்கள், அதுவும் தமிழில். திரை சிங்களத்திலும் வரும், தமிழிலும் வரும். ஆங்கிலத்தில் நான்கு எழுத்தில் முடியும் ஒரு பொத்தான் தமிழில் இரண்டு சொல்லாகி அடுத்த வரிக்கு வழியும். எந்த மொழியில் நீளமோ அந்த மொழியில் வரைந்தால் மற்றவை தாமாக அடங்கும். உயிர்மெய்க் குறிகள் மேலும் கீழும் நீள்வதால் வரிகளுக்கிடையே கொஞ்சம் தாராளமாகவும் விடுங்கள்.

எண்களும் உண்மை போல இருக்க வேண்டும். ‘00’ என்று போட்டு வைத்த இடத்தில் பிழை ஒளிந்துகொள்ளும். நம் திரையில், நேற்று காலை முதல் இன்று காலை 6 மணி வரை நான்கு முறை மானி பார்க்கப்பட்டிருக்கிறது என்று வைத்துக்கொண்டு வரைவோம்:

```
①  மானி 07 · பாடசாலை மேற்புறம்
─────────────────────────────
②  85 மி.மீ.
③  1ஆம் நிலை: அவதானம்
④  நேற்று காலை 6.00 – இன்று காலை 6.00
─────────────────────────────
⑤  மானியில் இப்போது உள்ள மழை
    [ ______ ] மி.மீ.
⑥  அளந்த நேரம்  [ இப்போது ]
⑦  [     பதிவு செய்     ]
- - - - - (விசைப்பலகைக் கோடு) - - - - -
⑧  இன்று காலை 6.00     27   இன்னும் போகவில்லை
    நேற்று இரவு 9.30     34   போய்ச் சேர்ந்தது
    நேற்று மாலை 5.30    18   போய்ச் சேர்ந்தது
    நேற்று காலை 8.30     6   போய்ச் சேர்ந்தது
─────────────────────────────
⑨  [     117ஐ அழை     ]
```

வட்டத்துக்குள் இருக்கும் எண்களைச் சிவப்புப் பேனாவால் போடுங்கள். திரையில் வரும் எதுவும் பென்சிலில், திரையில் வராத எதுவும் சிவப்பில். இந்தப் பிரிவினை குழம்பினால் உங்கள் குறிப்பே ஒருநாள் திரையில் அச்சாகி வந்து நிற்கும். அப்படி வந்த செயலிகள் உண்டு.

இரண்டாம் எண்ணுக்கு ஒரு பக்கம்

எல்லாக் குறிப்பும் ஒரே நீளத்தில் இருக்கத் தேவையில்லை. 117 என்பது அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் அவசர அழைப்பு எண். அதற்குரிய குறிப்பு ஒரு வரிதான்: ‘தொட்டால் கைபேசியின் அழைப்புத் திரை 117 எண்ணோடு திறக்கும், இணையம் இல்லாவிட்டாலும்.’ ஆனால் ② என்று குறித்த அந்த 85 இருக்கிறதே, முழுத் திரையின் பாரமும் அதில்தான். நிரலாளர் தாளைப் பார்க்கிறார், பெரிய எழுத்தில் ஒரு மழை அளவு. சரி, இன்றைய மழை என்று எடுத்துக்கொள்கிறார். இன்று என்றால் கணினிக்கு நள்ளிரவு 12 மணியிலிருந்து.

நம் நான்கு அளவுகளை வைத்து அந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். நள்ளிரவுக்குப் பின் பதிவானது காலை 6 மணி அளவு மட்டும். திரை 27 மி.மீ. என்று காட்டும். எந்த நிலையும் இல்லை, கவலைப்பட ஒன்றுமில்லை.

இன்னொரு நிரலாளர் கொஞ்சம் தேடிப் படிப்பவர். இலங்கையின் வளிமண்டலவியல் திணைக்களம் ஒரு நாள் மழையைக் காலை 8.30இலிருந்து மறுநாள் காலை 8.30 வரை கணக்கிடுவதைக் கண்டுபிடித்து, அதையே பின்பற்றுகிறார். மாலை 18, இரவு 34, காலை 27. மொத்தம் 79. அவதான நிலை வந்துவிடுகிறது. ஆனால் இரண்டரை மணி நேரம் கழித்து, 8.30 தாண்டியதும் அந்தக் கணக்கு பூச்சியத்திலிருந்து மறுபடி தொடங்கும். இரவு முழுக்க நனைந்த மலை அப்படியே இருக்க, திரை மட்டும் வெறுமையாகிவிடும்.

எச்சரிக்கை எல்லைக்கு வேண்டியது இந்த இரண்டுமல்ல. எந்தக் கணத்தில் நின்று பார்த்தாலும் அதற்கு முந்தைய 24 மணி நேரம், அதாவது கடிகாரத்தோடு நகரும் 24 மணி நேரம். அப்படிக் கூட்டினால் நேற்று காலை 8.30இன் 6 மி.மீ.யும் சேர்ந்து 85. அந்த 6 மி.மீ. முழுவதும் நேற்று காலை 6 மணிக்குப் பிறகு பெய்ததா? தெரியாது. அதில் ஒரு பகுதி அதற்கு முந்தைய இரவிலும் பெய்திருக்கலாம். கையால் பார்க்கும் மானி எப்போது பெய்தது என்று சொல்லாது, எவ்வளவு சேர்ந்தது என்று மட்டும் சொல்லும். பிரித்துக் கூட்ட ஒரு நிரலாளர் ஆசைப்படலாம். முழுதாகச் சேர்த்துவிடு என்று எழுதிவிடுங்கள். தவறினாலும் கூடுதலாகக் காட்டும் பக்கமே தவற வேண்டும்.

இதோடு முடிந்ததா என்றால், இல்லை. 24 மணி நேரம் எதிலிருந்து பின்னோக்கிப் போகிறது? இப்போதைய நேரத்திலிருந்து என்றால் ஒரு கேடு உண்டு. காலை 6 மணிக்கு அளந்தவர் அதன்பின் மானியைப் பார்க்கவே இல்லை, மழை விடாமல் பெய்கிறது. 8.30 தாண்டியதும் பழைய 6 மி.மீ. கணக்கிலிருந்து விழும், 85 என்பது 79 ஆகும். மாலை 5.30க்கு 18ம் விழுந்து 61 ஆகும். அவதான நிலையும் போய்விடும். மழை பெய்யப் பெய்யத் திரையில் எண் குறைந்துகொண்டே வருகிறது. ஆகவே கடைசியாக அளந்த நேரத்திலிருந்து பின்னோக்கி எண்ணச் சொல்ல வேண்டும். புதிதாக அளந்தாலொழிய எண் அசையாது. எண் பழையதாகிவிட்டால் அதைத் திரையே சொல்லட்டும்.

இவ்வளவையும் யோசித்த பிறகு வலது ஓரத்தில் எழுதுவது இவ்வளவுதான்:

② கடைசி அளவின் ‘அளந்த நேரம்’ முடிவுப் புள்ளி. அதற்கு முந்தைய 24 மணி நேரத்துக்குள் அளந்த நேரம் உள்ள எல்லாப் பதிவுகளையும் முழுதாகக் கூட்டு. நள்ளிரவில் பூச்சியமாக்காதே, 8.30இலும் பூச்சியமாக்காதே. அனுப்பப்படாத பதிவுகளும் சேரும். எடுத்துக்காட்டு: 6 + 18 + 34 + 27 = 85. இதே நான்கு அளவுக்கு 27 வந்தாலும் 79 வந்தாலும் பிழை.

④ கூட்டலின் தொடக்கமும் முடிவும். கடைசி அளவு 6 மணி நேரத்துக்கு மேல் பழையதானால் இந்த வரிக்குப் பதில்: ‘கடைசியாக அளந்தது 7 மணி நேரத்துக்கு முன். மீண்டும் அளக்கவும்.’ ② மாறாது, மறையாது.

விதியோடு ஓர் எடுத்துக்காட்டும் வர வேண்டும், தவறான விடைகளும் வர வேண்டும். விதியை இருவர் இருவிதமாகப் படிக்கலாம். 6, 18, 34, 27 கொடுத்தால் 85 வர வேண்டும் என்பதை ஒருவிதமாகத்தான் படிக்க முடியும். நிரலாளர் இதை அப்படியே எடுத்துத் தன் சோதனையாக வைத்துக்கொள்வார். 6 மணி நேரம் என்ற எண் மட்டும் நான் வைத்தது. களத்தில் பேசி மாற்றிக்கொள்ளுங்கள், ஆனால் ஏதோ ஓர் எண்ணை எழுதாமல் விடாதீர்கள். ‘நீண்ட நேரமானால்’ என்று எழுதினால் அது எவ்வளவு நேரம் என்பதை நிரலாளர்தான் முடிவு செய்வார், அதுவும் உங்களிடம் சொல்லாமல்.

நிலையின் சொற்கள்

③இல் வரும் வாசகம் எண்ணைப் போலக் கணக்கிட்டு வருவதல்ல, யாரோ ஒருவர் பொறுப்பேற்று எழுத வேண்டியது. ஒரு முற்றத்து மானி 150ஐத் தாண்டியதும் ‘வெளியேறுங்கள்’ என்று செயலி தானே சொல்லலாமா, இல்லை ‘கிராம உத்தியோகத்தருக்கு உடனே அறிவியுங்கள்’ என்று மட்டும் சொல்ல வேண்டுமா? இதை வயர்ஃபிரேம் வரைபவர் தீர்மானிக்கக்கூடாது, நிரலாளர் அறவே கூடாது. குறிப்பில் இப்படி எழுதுங்கள்: ‘நான்கு வாசகங்கள் வேண்டும் (நிலை இல்லை, 1, 2, 3). தாளில் இருப்பவை தற்காலிகம். இறுதி வாசகம் பிரதேச செயலகத்திலிருந்து வரும். வரிக்கு இடம் விடு, இரண்டு வரி வரை நீளலாம்.’

நிறத்தையும் இங்கே தொடாதீர்கள். மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு எல்லாம் பிறகு வரும். தாளில் நிறமில்லாமலேயே நிலை புரிகிறது என்றால், நிறம் பிரித்தறிய முடியாதவருக்கும் அது திரையில் புரியும்.

மணிக்கு 75 மி.மீ. என்ற விதியை இங்கே என்ன செய்வது? முந்தைய அளவுக்கும் இந்த அளவுக்கும் இடையே 60 நிமிடமோ அதற்குக் குறைவோ இருந்து, புதிய அளவு 75ஐத் தொட்டால் நேரே 3ஆம் நிலை. இடைவெளி அதைவிட அதிகமானால் கையால் பார்க்கும் மானியை வைத்து ஒரு மணி நேர மழையைச் சொல்ல வழியில்லை. ‘இரண்டு மணி நேரத்தில் 90 என்றால் சராசரி 45 என்று கணக்கிடாதே’ என்று குறிப்பில் போட்டுவிடுங்கள். அந்த 90இல் 80 ஒரே மணி நேரத்தில் கொட்டியிருக்கலாம். திரை எதைச் செய்யாது என்று எழுதுவதும் குறிப்புதான்.

பூச்சியமும் வெறுமையும்

⑤இல் ஒன்றுமே எழுதாமல் பதிவு செய்யப் பார்த்தால் என்ன ஆகும்? மழைமானியில் 0 என்பது ஒரு செய்தி: பார்த்தேன், மழை இல்லை. வெறுமை என்பது வேறு: பார்க்கவில்லை. இவ்விரண்டையும் ஒன்றாக்கிவிடுவது நிரலில் மிக எளிது. கட்டத்தில் முன்கூட்டியே 0 போட்டு வைத்தாலே போதும். பொத்தானைத் தெரியாமல் தட்டியவரெல்லாம் மழையில்லை என்று சாட்சி சொல்லிவிடுவார்கள். அதனால்: ‘கட்டம் வெறுமையாகத் தொடங்கும். வெறுமையாக இருக்கும்வரை ⑦ வேலை செய்யாது. 0 ஏற்கப்படும்.’ அதேபோல் ஒரு பதிவும் இல்லாத புதிய மானியில் ② ‘0 மி.மீ.’ என்று வரக்கூடாது. ‘இன்னும் அளக்கவில்லை’ என்று வர வேண்டும்.

மேல் எல்லை இன்னொரு தொல்லை. தசமப் புள்ளி விழாமல் 27.4 என்பது 274 ஆகப் பதிவாவது நடக்கக்கூடியதே. அதைத் தடுக்க, 200க்கு மேல் ஏற்காதே என்று எழுதக் கை போகும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது மாத்தளை மாவட்ட மலைகளில் 24 மணி நேரத்தில் 300 மி.மீ.ஐத் தாண்டிய மழை கொட்டியது. அன்று அந்த வேலி இருந்திருந்தால், மானி மிக மோசமான செய்தியைச் சொன்ன வேளையில் திரை அதை ஏற்க மறுத்திருக்கும். எனவே தடுக்காமல் கேட்கச் சொல்லுங்கள்: ‘100க்கு மேலான ஒரே அளவு என்றால் ஒருமுறை கேள்: 274 மி.மீ. சரியா? ஆம் என்றால் ஏற்றுக்கொள். மறுபடி கேட்காதே.’

மானி நிரம்பி வழிந்திருந்தால் உண்மை அளவு யாருக்கும் தெரியாது. அதற்கு ⑤க்கு அருகே ‘நிரம்பி வழிந்தது’ என்றொரு தேர்வுக் கட்டம் வேண்டுமா என்று யோசித்துப் பாருங்கள். வேண்டும் என்பது என் எண்ணம். ஆனால் அதற்கு இன்னும் 1.2 செ.மீ. உயரம் தேவை, பொத்தான் விசைப்பலகைக் கோட்டைத் தாண்டிவிடும். அதனால் அதை 100க்கு மேல் கேட்கும் அந்தக் கேள்வியிலேயே இன்னொரு பதிலாக வைத்துவிடலாம். உங்கள் மானியின் கொள்ளளவு 100க்குக் குறைவானால் கேள்வி எழும் எல்லையையும் அதற்கேற்பக் குறையுங்கள்.

சிக்னல் இல்லாத இடத்தில்

மலை மடிப்புக்குள் சிக்னல் வரும், போகும். பதிவுப் பொத்தானைத் தட்டியதும் சுழலும் வட்டம் ஒன்று வந்து நிற்கும் திரையை நாமெல்லாம் பார்த்திருக்கிறோம். போனதா, போகவில்லையா தெரியாமல் மறுபடி தட்டுவார், 34 இருமுறை பதிவாகும், மொத்தம் 119 ஆகும், இரண்டாம் நிலை எழும்பும். ஊரார் விடியற்காலையில் மூட்டை கட்டுவார்கள். இப்படி ஒருமுறை நடந்தால் அடுத்த முறை அந்தத் திரையை யாரும் நம்பமாட்டார்கள்.

⑦க்கான குறிப்பு: ‘தட்டியதும் பதிவு கைபேசியிலேயே சேமிக்கப்படும், ② உடனே மாறும், கட்டம் வெறுமையாகும். இணையத்துக்காகக் காத்திருக்காதே. அனுப்புவது பின்னணியில். ஒவ்வொரு பதிவுக்கும் தட்டிய கணத்திலேயே கைபேசி ஒரு தனி அடையாள எண் கொடுக்கும். அதே எண் இருமுறை வந்தால் சேவையகம் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளும்.’ கடைசி வரி நிரலாளரின் எல்லைக்குள் நுழைவது போலத் தெரியும். எந்தத் தரவுத்தளம், எந்த மொழி என்று நாம் சொல்லவில்லை. ஒரே மழையை இருமுறை எண்ணாதே என்பது மட்டும் நம் தேவை. அதை எப்படிச் செய்வது என்பதில் அவருக்கு வேறு வழி தெரிந்தால் நல்லதே.

⑥க்கு: ‘அளந்த நேரம் என்பது மானியைப் பார்த்த நேரம். சேவையகத்துக்கு வந்து சேர்ந்த நேரம் அல்ல. இயல்பாக இப்போது. 24 மணி நேரம் வரை பின்னோக்கி மாற்றலாம், எதிர்காலம் கூடாது.’ இரவு 9.30க்கு அளந்தது மறுநாள் நண்பகலில் சிக்னல் கிடைத்துப் போய்ச் சேரலாம். சேர்ந்த நேரத்தை எடுத்துக்கொண்டால் நேற்றைய மழை இன்று பெய்ததாகிவிடும்.

⑧இன் வலது ஓரச் சொற்களுக்குத் தனியாக ஒரு சிறு படம் தேவை. தாளின் அடியில், அந்த ஒரு வரியை மட்டும் மூன்று முறை வரையுங்கள்: ‘இன்னும் போகவில்லை’, ‘போய்ச் சேர்ந்தது’, ‘ஏற்கவில்லை, தொட்டுப் பார்க்கவும்’. முழுத் திரையையும் மூன்று முறை வரைவது வீண். மாறுவது எதுவோ அது மட்டும் போதும்.

ஊர்ப் பெயர்

① சின்ன வரிதான், ஆனால் இங்கே பல்லேகமவின் கதை குறுக்கே வருகிறது. மொரகஹகந்த–களு கங்கைத் திட்டத்தில் களு கங்கை நீர்த்தேக்கம் 2018இல் நிரம்பத் தொடங்கியபோது பழைய பல்லேகம நகரம் நீருக்குள் போனது. லக்கல புதிய நகரம் வேறிடத்தில் எழுந்தது. ஒரே பெயர் நிலப்படத்தில் ஓரிடத்தையும் பேச்சில் இன்னோரிடத்தையும் குறிக்கக்கூடிய பகுதி இது. இங்கே ஊர்ப் பெயரைத் தட்டச்சு செய்யச் சொன்னால் ஒரே மானி மூன்று பெயரில் பதிவாகும், எழுத்துக்கூட்டல் வேறுபாடுகள் தனி. ஆகவே: ‘முதல்முறை மானி எண்ணைத் தேர்ந்தால் போதும், பிறகு எப்போதும் அதுவே. இடத்தைத் தட்டச்சு செய்யும் கட்டம் எங்கும் இல்லை. எண்ணுக்குப் பின்னால் வரும் விளக்கச் சொற்கள் மானியின் பதிவேட்டிலிருந்து வரும், பயனர் மாற்ற முடியாது.’

கையளிக்கும் நாள்

தாளைப் படமெடுத்து அனுப்பிவிட்டு ‘புரிந்ததா?’ என்று கேட்காதீர்கள். புரிந்தது என்றுதான் எவரும் சொல்வார். அழைத்து, அவரையே திரையை உங்களுக்கு விளக்கச் சொல்லுங்கள். ‘காலை 6 மணிக்குத் திறக்கிறேன், என்ன தெரியும்? 31 என்று தட்டுகிறேன், பதிவு செய்கிறேன், இப்போது?’ அவர் தயங்கும் இடத்தில் குறிப்பு போதவில்லை. ‘அது அப்படித்தானே இருக்கும்’ என்று வேகமாகக் கடக்கும் இடத்தை இன்னும் கவனியுங்கள், அங்கே அவர் தாளைப் படிக்காமல் ஊகிக்கிறார். கேள்வியே கேட்காத நிரலாளரைவிடப் பத்துக் கேள்வி கேட்பவர் கையில் தாள் பத்திரமாக இருக்கிறது.

ஒரு கேள்வி நிச்சயமாக வரும்: தவறாகப் பதிந்த அளவை எப்படித் திருத்துவது? நம் தாளில் அதற்கு இடமில்லை. ⑧இன் வரியைத் தொட்டால் திருத்தும் திரை திறக்கும் என்று வாயால் சொல்லிவிட்டுப் போகாமல் சிவப்புப் பேனாவால் ⑩ என்று போட்டு எழுதுங்கள்: ‘அழிக்க முடியாது. திருத்தினால் பழைய அளவும் சேவையகத்தில் இருக்கும். திருத்திய வரியில் “திருத்தப்பட்டது” என்று வரும்.’ தொலைபேசியில் பேசித் தீர்ந்ததெல்லாம் அன்றே தாளில் ஏற வேண்டும்.

தாளின் மேல் மூலையில் திகதியும் பதிப்பு எண்ணும் இடுங்கள். மாற்றம் வந்தால் பழைய தாளில் அடித்துத் திருத்தாமல் புதுத் தாளில் வரைந்து, மாறிய வட்ட எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு கோடு போடுங்கள். நீக்கிய குறிப்பின் எண்ணை வேறொன்றுக்குக் கொடுக்காதீர்கள். ⑥ போய்விட்டால் அடுத்த பதிப்பில் ⑤க்குப் பின் ⑦தான். நிரலாளர் தன் நிரலிலும் செய்திகளிலும் அந்த எண்களைச் சொல்லியே எழுதியிருப்பார்.

பிறகு அதே தாளைக் கைபேசித் திரை அளவுக்குச் சுருக்கி நகலெடுத்து, மானி பார்க்கப் போகும் ஒருவரிடம் கொடுத்து, 31 மி.மீ.ஐ விரலால் பதிந்து காட்டச் சொல்லுங்கள். நிரல் எழுதத் தொடங்குமுன் இதைச் செய்யுங்கள். அவர் முதலில் தொடுவது ⑤ஐயா, ②ஐயா என்று பாருங்கள். பெரிய எண் இருக்கும் இடத்தில் எழுதப் போகிறவர் இருந்தால், ②ஐச் சுற்றி நீங்கள் போட்ட கட்டம்தான் காரணமாக இருக்கும். கட்டம் என்றால் எழுதலாம் என்று எல்லோரும் நினைப்பார்கள். அந்தக் கோட்டை அழித்துவிட்டு இரண்டாம் பதிப்பை அனுப்புங்கள்.